நூற்றுக்குப் பன்னிரண்டு, எந்த நூற்றுக்கு?

ஓய்வு பெற்றவர்கள் எழுதும் கட்டுரைகளை நான் வாசித்திருக்கிறேன். அவற்றில் பிழை விடுகிறவர் எப்போதும் வேறொருவராக இருப்பார். எழுதுகிறவர் அதைக் கண்டுபிடிப்பார், தோட்டத் துரை முதுகில் தட்டிக்கொடுப்பார். என்னுடைய கட்டுரையில் பிழை என்னுடையது. கண்டுபிடித்தவர் வேறொருவர். முதுகில் யாரும் தட்டவில்லை.

போன மாதம் என் பழைய கந்தோரிலிருந்து, அதாவது தோட்ட அலுவலகத்திலிருந்து, இரண்டு பிள்ளைகள் அலுவிகாரையில் என் வீட்டுக்கு வந்தார்கள். இப்போது சம்பள வேலை முழுவதும் இணையத்தில்தான் நடக்கிறதாம். கணக்குப் பொருந்தாவிட்டால் திரையில் சிவப்பு எழுத்து வருகிறதாம். "அந்தக் காலத்துல பிழை வந்தா எப்படி சேர் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டார்கள். உண்மையைச் சொல்வதானால் பதினான்கு மாதம் கண்டுபிடிக்கவில்லை. அதைத்தான் எழுதுகிறேன்.

பல்லேபொலப் பக்கத்தில் மிளகும் கொக்கோவும் கறுவாவும் உள்ள ஒரு தனியார் தோட்டத்தில் முப்பத்தெட்டு வருடம் வேலை செய்தேன். சின்னக் கிளாக்கராகச் சேர்ந்து முதல் இரண்டு வருடம் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பெயர்களைப் பார்த்து எழுதினேன். அதற்குப் பிறகு வேறொருவர் பார்த்து எழுத, நான் கூட்டினேன். பெரிய கிளாக்கர் ஆனதும் அவர்கள் கூட்டியதில் கையெழுத்து வைத்தேன். இடைப்பட்ட வருடங்களில் சொல்லத்தக்கதாக ஒன்றும் நடக்கவில்லை. சம்பளக் கந்தோரில் ஒன்றும் நடக்காமல் இருப்பதே நல்ல வேலைக்கு அடையாளம்.

சம்பளம் போடும் முறையைச் சொல்லிவிடுகிறேன். மலைக்குப் போனவர்களுக்கு அன்றன்று செக்ரோலில் பேர் விழும். முழு நாள் என்றால் ஒரு பேர், மத்தியானத்தோடு திரும்பினால் அரைப் பேர். மாதக் கடைசியில் பேர்களைக் கூட்டி நாட்சம்பளத்தால் பெருக்கினால் முழுச் சம்பளம். அதில் நூற்றுக்கு எட்டைப் பிடித்து, வேலையை விட்டு நிற்கும்போது கையில் வரும் சேமலாப நிதிக்கு அனுப்ப வேண்டும். அது தொழிலாளியின் பங்கு. தோட்டம் தன் கையிலிருந்து நூற்றுக்குப் பன்னிரண்டு போட வேண்டும். நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு இன்னொரு மூன்று, அதுவும் தோட்டத்தின் காசு. மூன்றுக்கும் அடிப்படை ஒன்றுதான், முழுச் சம்பளம். ஓவர்டைம் காசுக்கு நிதி இல்லை. அதையும் முற்பணம் முதலியவற்றையும் வேறொரு தாளில் போடுவோம்.

என் கடைசிக் காலத்தில் மெனேஜர் ஜயதிலக்க கந்தோருக்கு ஒரு கணினி வாங்கினார். என்னை மாத்தளையில் இரண்டு நாள் வகுப்புக்கு அனுப்பினார். முதல் நாள் மவுசைப் பிடித்தோம். இரண்டாம் நாள் சூத்திரம் எழுதினோம். மூன்றாம் நாள் நான் சம்பளப் பதிவேட்டைக் கணினியில் ஏற்றினேன்.

ஆறாம் நிரலில் முழுச் சம்பளம். ஏழாம் நிரலில் அதில் எட்டு வீதம். எட்டாம் நிரலில், ஆறிலிருந்து ஏழைக் கழித்த மிச்சம். ஒன்பதில் தோட்டத்தின் பன்னிரண்டு வீதம். பத்தில் மூன்று வீதம். ஏழாம் நிரலுக்குச் சூத்திரம் எழுதி முடித்ததும், மறுபடி எழுதுவானேன் என்று அதையே எடுத்து ஒன்பதில் ஒட்டி, எட்டைப் பன்னிரண்டாக மாற்றினேன். வகுப்பில் சொல்லித்தந்த வழிதான். ஆனால் ஏழாம் நிரலில் எழுதிய சூத்திரம் கணினிக்கு 'முழுச் சம்பளத்தைப் பார்' என்று சொல்லவில்லை. 'உனக்கு இடப்பக்கம் இருப்பதைப் பார்' என்றுதான் சொல்லியிருந்தது. ஏழுக்கு இடப்பக்கம் முழுச் சம்பளம். ஒன்பதுக்கு இடப்பக்கம், எட்டு வீதம் கழித்த மிச்சம். கணினி நான் சொன்னதைச் செய்தது.

பத்தாம் நிரலிலும் அப்படியே ஒட்டினேன். முப்பதாயிரம் சம்பளத்துக்குத் தொண்ணூற்றொன்பது ரூபா என்று வந்தது. இது மிகவும் குறைவு என்று என் அனுபவம் சொன்னது. சூத்திரத்தைத் திறந்து பார்த்து, பக்கத்தில் ஒன்பதாம் நிரல் எந்த நிரலைப் பார்க்கிறதோ அதையே இதுவும் பார்க்கும்படி திருத்தினேன். இப்படி ஒரு பிழையைக் கண்டுபிடித்து, அதை இன்னொரு பிழையின் மாதிரிப்படி சரிசெய்தேன். அன்று மிகவும் திருப்தியாக வீட்டுக்குப் போனது நினைவிருக்கிறது.

மாதாமாதம் சரிபார்த்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். நிரல்களை மேலிருந்து கீழே கூட்டினேன். ஆறில் ஏழு போனால் எட்டு வருகிறதா என்று குறுக்கேயும் பார்த்தேன். எப்போதும் வந்தது. ஒன்பதும் பத்தும் அந்தக் குறுக்குக் கணக்கில் சேராது, எந்தத் தொழிலாளியின் கைக்கும் வராது. கைக்கு வருகிற காசில் ஐம்பது சதம் குறைந்தாலும் சம்பள நாளன்று கந்தோர் வாசலில் ஆள் நிற்கும். ஒன்பதாம் நிரலுக்காக யாரும் வந்து நின்றதில்லை.

பதினான்கு மாதம் கழித்து, நான் ஓய்வு பெற ஐந்து மாதம் இருக்கையில், நஸ்ரின் வேலைக்கு வந்தாள். மாத்தளை டவுன் பிள்ளை, வயது இருபத்திரண்டு. வாப்பாவுக்குத் துணிக்கடை. ஆறு மாதத் தகுதிகாண் காலம் முடிந்தால்தான் நிரந்தரம். முதல் வாரம் அவளிடம் நிதிப் படிவத்தைக் கொடுத்தேன். பெயர், அங்கத்துவ இலக்கம், சம்பளம், தோட்டத்தின் பங்கு, தொழிலாளியின் பங்கு. திரையைப் பார்த்து எழுதினால் போதும். அரை நாள் வேலை.

மத்தியானம் வந்து பார்த்தேன். தோட்டத்தின் பங்கு என்ற நிரல் மட்டும் வெறுமையாக இருந்தது.

"என்ன மகள், இது எழுதலையா?"

"சேர், ஒரு சின்ன விசயம். எட்டுல பாதி நாலு. எட்டும் நாலும் பன்னண்டு. அப்ப தோட்டத்துப் பங்கு, அவங்க பங்கு மாதிரி ஒன்றரை மடங்கு வரணும்தானே?"

"வரணும்."

"வருதில்ல சேர்." திரையில் விரலை வைத்தாள். "இவருக்கு முப்பதாயிரம். எட்டு வீதம் ரெண்டாயிரத்தி நானூறு, சரி. அதோட பாதி ஆயிரத்தி இருநூறு. சேத்தா மூவாயிரத்தி அறுநூறு. இங்க மூவாயிரத்தி முந்நூத்திப் பன்னண்டுன்னு இருக்கு."

"அது கணினி போட்டது. அது பிழைக்காதும்மா."

"பிழைக்காது சேர். நாங்க சொன்னதத்தானே போடும்."

அவள் மரியாதைக் குறைவாக ஒன்றும் சொல்லவில்லை. துணிக்கடையில் பெருநாள் தள்ளுபடி போட்டுப் பழகியவள். நூற்றுக்கு இத்தனை என்றால், எந்த நூற்றுக்கு என்று கேட்பது அவளுக்குப் பழக்கமாக இருந்தது. எனக்கும் அந்தப் பழக்கம், கணினி வரும் வரை, முப்பத்தாறு வருடம் இருந்தது.

நான் பார்க்கிறேன் என்று சொல்லி அவளைச் சாப்பிட அனுப்பினேன். கதவைச் சாத்திக்கொண்டு பென்சிலால் போட்டேன். முப்பதாயிரத்தில் எட்டு வீதம் போனால் இருபத்தேழாயிரத்து அறுநூறு. அதில் பன்னிரண்டு வீதம் மூவாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு. சூத்திரத்தைத் திறந்தேன். எட்டாம் நிரல். பத்தாம் நிரலைத் திறந்தேன். அதுவும் எட்டாம் நிரல். அதை நானே என் கையால் திருத்தி வைத்தது ஞாபகம் வந்தது. கொண்டுபோன சோற்றுப் பார்சலைத் திரும்பக் கொண்டுவந்தேன்.

அடுத்த மூன்று நாள் நான் செய்ததை ஒளிக்காமல் சொல்கிறேன். ஒன்றும் செய்யவில்லை. எனக்கு ஐந்து மாதத்தில் ஓய்வு, முப்பத்தெட்டு வருடத்துப் பணிக்கொடை வர இருந்தது. சூத்திரத்தை மட்டும் திருத்திவிட்டு இந்த மாதத்திலிருந்து சரியாக அனுப்பினால் யாருக்குத் தெரியும் என்று நினைத்தேன். சம்பளம், எட்டு வீதம், பன்னிரண்டு வீதம் என்ற மூன்று தொகையும் அந்தப் படிவத்தில் பக்கத்தில் பக்கத்தில் பதினான்கு மாதமாக இருந்தன. ஒருவரும் வகுத்துப் பார்க்கவில்லை. இனிமேலா பார்க்கப்போகிறார்கள்?

நஸ்ரினிடம், திருத்திவிட்டேன், இந்த மாதக் கணக்கை எழுதலாம் என்றேன். எழுதினாள். பிறகு அமைதியாகக் கேட்டாள்.

"போன மாசங்கள் சேர்?"

"அது பிறகு பார்ப்போம்."

"சரி சேர். போன மாசப் படிவக் கோப்பில என்னையும் பேர் போடச் சொல்லி இருக்கு, சரிபார்த்தவர்னு. அதுல நான் இனிஷியல் வைக்கேல. நீங்களே வைச்சிருங்க."

கோப்பை என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். கோபம் இல்லை, பயமுறுத்தல் இல்லை. பேனாவை மூடிக் கோப்பின் மேலே வைத்திருந்தாள். அந்தப் பேனாவைப் பார்த்துக்கொண்டு அரை நாள் இருந்தேன். மறுநாள் மெனேஜரிடம் போனேன்.

ஜயதிலக்க மெனேஜரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் சத்தம் போட மாட்டார். நீங்கள் பேசும்போது ஒரு தாளில் ஓர் எண்ணை எழுதுவார். மனசுக்குப் பிடிக்காத எண் என்றால் அதன் கீழே ஒரு கோடு இழுப்பார். இன்னும் பிடிக்காவிட்டால் இரண்டாவது கோடு. மலையில் கற்ற தமிழ் பேசுவார், கணக்கை மட்டும் சிங்களத்தில் எண்ணுவார். எதற்கும் மூன்றே கேள்விதான்.

"எவ்வளவு, கிளாக்கர்?"

"மாசம் பன்னிரண்டு லட்சம் சம்பளத்துக்கு, சேமலாப நிதி பதினோராயிரத்து ஐந்நூற்றி இருபது குறைஞ்சிருக்கு. மற்ற நிதி ரெண்டாயிரத்து எண்ணூற்றி எண்பது. மாசம் பதினாலாயிரத்து நானூறு."

எழுதினார்.

"எத்தனை மாசம்?"

"பதினாலு. ரெண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல வருது, சேர்."

ஒரு கோடு.

"தெரிஞ்ச ஆள் யாரு?"

"நானும் நஸ்ரினும். கண்டுபிடிச்சது அவதான். சூத்திரம் போட்டது நான்."

இரண்டாவது கோடு. பிறகு நஸ்ரினைக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார், அவள் உட்காரவில்லை.

"நீங்க இன்னும் நிரந்தரம் இல்லதானே, மிஸ்?"

"இல்ல சேர்."

"ம்." தாளைத் திருப்பி வைத்தார். "நான் என்ன சொல்றது? இந்த மாசம் சரி. அடுத்த மாசம் சரி. பழைய மாசம் பழசு. இல்லாட்டி எல்லாம் கட்டணும், அபராதமும் கட்டணும். தோட்டத்துக்கு நட்டம். நட்டம் யார் செஞ்சாரோ அவர் பணிக்கொடையில கழிக்கணும். கிளாக்கர், நீங்க என்ன சொல்றீங்க?"

இதற்கு நான் தயாராகப் போயிருந்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. தயாராகப் போகவில்லை. மோசடி செய்து வேலையை விட்டு நீக்கப்பட்டால்தான் பணிக்கொடையில் கை வைக்கலாம் என்று சட்டத்தில் படித்தது ஞாபகம் வந்தது, அதைச் சொன்னேன்.

"அப்ப மோசடியா இல்லையான்னு நாங்க பார்க்கலாம்" என்றார்.

அப்போது நஸ்ரின் பேசினாள். உண்மையிலேயே தெரியாமல் கேட்டாளா, தெரிந்துதான் கேட்டாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"சேர், மோசடின்னா காசு யாருகிட்டப் போச்சுன்னு எழுதணும்தானே? அந்த ரெண்டு லட்சம் கிளாக்கர் சேர்ட கையில இல்லையே. தோட்டத்துக் கணக்குலதானே கிடக்கு?"

மெனேஜர் தாளைப் பார்த்தார். மூன்றாவது கோடு இழுத்தார். அவரிடம் வேலை செய்த காலம் முழுவதும் நான் இரண்டு கோட்டுக்கு மேல் கண்டதில்லை.

பிறகு நான் அபராதப் பட்டியலை எடுத்து வைத்தேன். அது மட்டும் கொண்டுபோயிருந்தேன். பத்து நாள் பிந்தினால் ஐந்து வீதம். மாதம் ஏற ஏற வீதமும் ஏறும். பன்னிரண்டு மாதம் தாண்டினால் ஐம்பது வீதம், அதாவது பாதிக்காசு மேலதிகம். முதல் மாதங்கள் ஏற்கனவே அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டன. ஒவ்வொரு மாதக் கடைசியிலும் இன்னொரு மாதம் தாண்டும். நியாயம், அநியாயம் என்று நான் ஒன்றும் பேசவில்லை. அவற்றைத் தாளில் எழுதிக் கோடு இழுக்க முடியாது. இதை முடியும்.

அவர் ஒவ்வொரு வீதத்தையும் சிங்களத்தில் முணுமுணுத்துப் பார்த்துவிட்டு, "இந்த மாசக் கடைசிக்கு முன்ன முடிக்கேலுமா?" என்றார்.

"ஏலும் சேர்" என்றது நஸ்ரின்தான்.

பதினான்கு மாதம், ஒவ்வொரு மாதத்துக்கும் தனிப் பட்டியல், நாற்பத்துமூன்று பெயர். ஒவ்வொரு பெயருக்கும் முழுச் சம்பளத்தில் பன்னிரண்டு வீதம் போட்டு, ஏற்கனவே கட்டியதைக் கழிக்க வேண்டும். கணினியில் போட்டோம். இம்முறை எனக்குக் கணினிமேலும் நம்பிக்கை இல்லை, என்மேலும் இல்லை. கையால் எப்படிச் சரிபார்ப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் நாள் நஸ்ரின் ஒரு குறுக்குவழி சொன்னாள்.

"சேர், நாங்க எட்டு வீதம் கழிச்சிட்டுத்தானே பன்னண்டு போட்டோம். அப்ப விட்டுப்போனது அந்த எட்டு வீதக் காசுக்குரிய பன்னண்டு மட்டும்தான். ரெண்டாயிரத்தி நானூறுல பன்னண்டு வீதம் இருநூத்தி எண்பத்தெட்டு. மூணு வீதம் எழுபத்திரண்டு. ரெண்டையும் சேத்தா எட்டு வீதத்துல பதினஞ்சு வீதம், முந்நூத்தி அறுபது."

போட்டுப் பார்த்தேன். மூவாயிரத்து அறுநூறில் மூவாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு போனால் இருநூற்று எண்பத்தெட்டு. தொள்ளாயிரத்தில் எண்ணூற்று இருபத்தெட்டு போனால் எழுபத்திரண்டு. ஒரு சதமும் பிசகவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு பட்டியலின் அடியிலும் ஏழாம் நிரலின் கூட்டுத்தொகையைப் போட்டு, அதில் பதினைந்து வீதம் வருகிறதா என்று மட்டும் பார்த்தோம். வேலை பாதியாகக் குறைந்தது.

பட்டியல்களில் 'தயாரித்தவர்' என்ற இடத்தில் நிரந்தர ஊழியர்தான் கையெழுத்து வைக்க வேண்டும் என்பது மெனேஜரே முன்பு போட்ட விதி. என் கையெழுத்தை அங்கே வைக்க அவருக்கு விருப்பமில்லை, காரணம் நியாயமானது. ஆகவே நஸ்ரினைத் தகுதிகாண் காலம் முடிய முன்னரே நிரந்தரமாக்க வேண்டியதாயிற்று. அந்தக் கடிதத்தை அவளே தட்டச்சு செய்தாள். பாராட்டு என்று அதில் ஒரு வரியும் இல்லை. அவள் எழுத்துப்பிழையை மட்டும் திருத்திக் கையெழுத்துக்குக் கொடுத்தாள்.

மாத்தளைத் தொழில் கந்தோருக்கு நாங்கள் இருவரும் பஸ்ஸில் போனோம். பிழை நடந்த விதத்தை நான் ஒரு கடிதமாக எழுதி, என் பெயரில் கையெழுத்து வைத்திருந்தேன். அங்கிருந்த அதிகாரி அம்மா கடிதத்தை இரண்டு தடவை வாசித்தார். "கேக்காமலே வந்து சொல்றீங்களா?" என்றார். ஆம் என்றோம். "அப்படி வாறவங்க குறைவு" என்றார். எங்களுக்குக் கொஞ்சம் சந்தோசமாக இருந்தது. பிறகு அபராதத்தை முழுவதுமாகப் போட்டுக் கையில் தந்தார். தோட்டம் அதைக் கட்டியது. என் பணிக்கொடை முழுதாக வந்தது. மெனேஜர் என் பிரியாவிடையில் பேசும்போது கணினியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அது பெரிய மனது.

ஒரு வேலை மட்டும் மிச்சம் இருந்தது. அந்தப் பதினான்கு மாதத்துக்குள் வேலையை விட்டு நின்றவர்கள் ஐந்து பேர். நான்கு பேருக்குக் கடிதம் போட்டோம். ஐந்தாவது பாக்கியம். கொக்கோ மலையில் முப்பது வருடம் வேலை செய்தவர். நான்கு மாதத்துக்கு முன்னர் நின்று, தன் நிதிக் காசு முழுவதையும் எடுத்து, லயத்து வீட்டுக் கூரைக்குத் தகரம் போட்டிருந்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. ஆகவே நானே போனேன்.

தோட்டத்தின் பங்கைப் பத்து மாதம் குறைத்துக் கட்டிவிட்டோம், இப்போது சேமலாப நிதியில் இரண்டாயிரத்து எண்ணூற்றுச் சொச்சமும் மற்றதில் எழுநூறும் அவர் பெயரில் கிடக்கிறது, இந்தப் படிவத்தில் விரலடையாளம் வைத்தால் வாங்கலாம் என்றேன். பிழை என்னுடையது என்றும் சொன்னேன். அவர் பிளேன்டீ ஊற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"எங்க சம்பளத்துல புடிக்கிறது எவ்வளவுங்க ஐயா?"

"நூத்துக்கு எட்டு."

"தோட்டம் போடுறது?"

"பன்னண்டு. அதுதான் குறைஞ்சுபோச்சு."

"அந்த எட்டு?"

"அது சரியாத்தான் புடிச்சோம்."

"பத்து மாசமும்?"

"பத்து மாசமும்."

பாக்கியம் கோப்பையை என் முன்னால் வைத்தார். கோபமாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலக் கேட்டார்.

"அது எப்படிங்க ஐயா, எங்ககிட்ட புடிக்கிற பக்கம் மட்டும் அந்த மிசின் ஒரு மாசமும் பிசகவே இல்ல?"

ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது என்று நிரல்களைச் சொல்லி விளக்கலாம் என்று வாயெடுத்தேன். சூத்திரம், இடப்பக்கம், எல்லாம் சரியான விளக்கம்தான். அவர் கேட்டதற்கு அது பதில் இல்லை. மை தொட்டு அவருடைய விரலைப் படிவத்தில் வைத்து அழுத்தினேன். தேநீரைக் குடித்துவிட்டு பஸ்ஸுக்கு இறங்கினேன்.